மூலதனச் செலவு ஒப்புதல் குறிப்பு: மசாலாத்தூள் பொட்டலமிடும் இயந்திரம்

உரிமையாளர் அவர்களின் பார்வைக்கு,

பிறை தொழிற்சாலையில் தூளைக் கையால் நிறுத்துப் பொட்டலமிடுவதால், எடை குறைந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் சற்றுக் கூடுதலாகவே போடுகிறோம். தானியங்கி இயந்திரம் வந்தால் இந்த இழப்பிலும் மிகைநேரச் சம்பளத்திலும் மாதம் 6,200 ரிங்கிட் மிச்சமாகும். மின்சாரம், பராமரிப்புக்கான 1,200 போக நிகர மிச்சம் 5,000 ரிங்கிட்.

இயந்திரம் 150,000, பொருத்துதலும் மின் இணைப்பும் 18,000, ஆக மொத்தம் 168,000 ரிங்கிட். முதலீடு திரும்பும் காலம் ஏறத்தாழ 34 மாதங்கள். நிகர மிச்சம் 4,000 ஆகக் குறைந்தால் 42 மாதங்கள். விற்பனையாளர் கூறும் 24 மாதக் கணக்கில் பொருத்துதலும் பராமரிப்பும் விடுபட்டிருப்பதால் அதை நான் ஏற்கவில்லை. வரிச் சலுகையை எதிலும் சேர்க்கவில்லை.

முன்பணம் 30 விழுக்காடு, மீதி சோதனை ஓட்டம் நிறைவாக முடிந்த பின் என்ற நிபந்தனையுடன் ஒப்புதல் வேண்டுகிறேன்.

தொழிற்சாலை மேலாளர்