பெருமம், சிறுமம்: வேலிக் கணக்குகள் - பன்னிரண்டாம் வகுப்புப் பயிற்சித் தாள்

பாடம்: வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். அரையாண்டு விடுமுறைக்கு. பள்ளி திறக்கும் அன்று தனி நோட்டில் எழுதிக் கொண்டு வரவும். விடைகள் கடைசியில் இருக்கின்றன. விடைக்கு மார்க் கிடையாது, வழிக்குத்தான்.

இந்தக் கணக்குகளில் வகையிடுவது இரண்டு வரி வேலை. சறுக்குவது அதற்கு முன்னாலும் பின்னாலும். முன்னால், கதையை ஒரே மாறியில் ஒரு சார்பாக எழுத வேண்டும். பின்னால், x எதுவரை போகலாம் என்று பார்த்து ஓரங்களையும் சோதிக்க வேண்டும். அதனால் படம், சார்பு, சார்பகம் மூன்றும் ஒவ்வொரு விடையிலும் இருக்க வேண்டும். விலையும் விளைச்சலும் கணக்குக்காக வைத்த எண்கள். ஊர் விலையோடு ஒப்பிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

செய்துகாட்டிய கணக்கு: ஒரே வேலி, நான்கு நிலங்கள்

களக்காடு பக்கம் வாழை போட்டிருக்கிறார் ஒருவர். காட்டுப்பன்றித் தொல்லை. கையில் 240 மீட்டர் கம்பி வலை இருக்கிறது. செவ்வகமாக அடைத்தால் அதிகபட்சம் எவ்வளவு இடத்தைக் காக்கலாம்?

(அ) நான்கு பக்கமும் வலை. ஒரு பக்கம் x என்றால் அடுத்த பக்கம் 120 − x.

A(x) = x(120 − x), 0 ≤ x ≤ 120

வகையிடும் முன் சில எண்களைப் போட்டுப் பாருங்கள். 10 × 110 என்றால் 1100 சதுர மீட்டர். 20 × 100 என்றால் 2000. 40 × 80 என்றால் 3200. 50 × 70 என்றால் 3500. வலை அதே 240 மீட்டர்தான், பரப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் ஏறும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. அந்த வேகம் எங்கே பூச்சியமாகிறதோ அதைத்தான் வகைக்கெழு காட்டிக் கொடுக்கும்.

A′(x) = 120 − 2x = 0, எனவே x = 60. A″(x) = −2, குறை எண், ஆக இது பெருமம். ஓரங்களில் A(0) = A(120) = 0. விடை 60 × 60, பரப்பு 3600 சதுர மீட்டர். ஒரு சென்ட் சுமார் 40.47 சதுர மீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 89 சென்ட்.

(ஆ) அதே 240 மீட்டர் வலை, இடம் மட்டும் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டி. கால்வாய்ப் பக்கம் வேலி வேண்டாம். (தண்ணீர் அடைத்திருக்கும் மாதத்தில் மாடு கால்வாய்க்குள் இறங்கி வந்துவிடுமே என்று கேட்கக் கூடாது. நியாயமான கேள்விதான், ஆனால் வேறு கணக்கு.)

கால்வாய்க்குச் செங்குத்தான பக்கம் x. அது இரண்டு. எதிர்ப்பக்கம் 240 − 2x.

A(x) = x(240 − 2x), 0 ≤ x ≤ 120
A′(x) = 240 − 4x = 0, எனவே x = 60

எதிர்ப்பக்கம் 120. பரப்பு 7200 சதுர மீட்டர். "சதுரம்தானே சார் பெருசு?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு குரல் வரும். 80 × 80 போட்டுப் பாருங்கள்: 6400. 800 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 20 சென்ட், சும்மா போய்விடும்.

(இ) மறுபடி நான்கு பக்கமும் வலை, நடுவில் ஒரு தடுப்பும் வேண்டும். ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் ஆடு. தடுப்புக்கு இணையான பக்கம் x என்றால் x மூன்று முறை வரும், y இரண்டு முறை: 3x + 2y = 240. நீங்களே செய்து பார்த்தால் x = 40, y = 60, பரப்பு 2400 என்று வரும்.

இப்போது வலை எங்கே செலவாகியிருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். (அ)வில் ஒரு திசைக்கு 120, இன்னொரு திசைக்கு 120. (ஆ)வில் இரண்டு 60 சேர்ந்து 120, எதிர்ப்பக்கம் 120. (இ)யில் மூன்று 40 சேர்ந்து 120, இரண்டு 60 சேர்ந்து 120. மூன்றிலும் வலை இரு திசைக்கும் சரிபாதி.

இது தற்செயல் இல்லை. ax + by = L என்று இருக்கும்போது xy பெரிதாக வேண்டும் என்றால், (ax)(by) பெரிதாக வேண்டும் என்பதும் அதேதான்; a, b இரண்டும் மாறாத எண்கள். இப்போது ax, by ஆகியவற்றின் கூட்டுத்தொகை L, மாறாதது. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கல், அவை சமமாக இருக்கும்போதுதான் பெரிது. அது (அ)வில் பார்த்த x(120 − x) கணக்கேதான். ஆக ax = by = L/2. சதுரம் என்பது a = b ஆகும்போது மட்டும் வரும் விடை. தேர்வில் இதை நேரடியாக எழுதிவிட்டு வகைக்கெழுவை விட்டால் மார்க் போகும். விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

(ஈ) (ஆ)வில் உள்ள அதே கால்வாய் நிலம். ஆனால் கால்வாயிலிருந்து 50 மீட்டரில் ரோடு போகிறது. அதைத் தாண்டி வேலி போட முடியாது.

சார்பு மாறவில்லை, சார்பகம் மாறிவிட்டது: 0 ≤ x ≤ 50. A′(x) = 0 என்று போட்டால் x = 60 வரும். அது ரோட்டுக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் வயலில். 0 முதல் 50 வரை A′(x) = 240 − 4x மிகை எண்ணாகவே இருக்கிறது, அதாவது பரப்பு ஏறிக்கொண்டே போகிறது. எனவே பெருமம் ஓரத்தில், x = 50. எதிர்ப்பக்கம் 140, பரப்பு 7000 சதுர மீட்டர். இங்கே வகைக்கெழு எங்குமே பூச்சியமாகவில்லை, ஆனாலும் பெருமம் இருக்கிறது. இந்த (ஈ)யைப் புரிந்துகொண்டவர்களுக்குக் கீழே உள்ளவற்றில் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வள்ளியூரில் ரோட்டோரமாக 1200 சதுர மீட்டர் செவ்வக மனை அடைக்க வேண்டும். ரோட்டுப் பக்கம் காம்பவுண்டுச் சுவர், மீட்டருக்கு 500 ரூபாய். மற்ற மூன்று பக்கமும் முள்கம்பி, மீட்டருக்கு 300 ரூபாய். செலவு மிகக் குறைவாக இருக்க ரோட்டுப் பக்க நீளம் என்ன? மொத்தச் செலவு எவ்வளவு? சுவருக்கு இணையான இரண்டு பக்கங்களுக்கும், அவற்றுக்குச் செங்குத்தான இரண்டு பக்கங்களுக்கும் ஆன செலவைத் தனித்தனியாகக் கூட்டி, மேலே சொன்ன "சரிபாதி" இங்கும் வருகிறதா என்று ஒரு வரி எழுதவும்.

2. காருக்குறிச்சியில் மண்பாண்டம் செய்பவரிடம், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க உருளை வடிவத் தொட்டி கேட்கிறார்கள். மேல்பக்கம் திறந்தது. கொள்ளளவு 8000π கன செ.மீ., அதாவது சுமார் 25 லிட்டர். அடியும் சுவரும் ஒரே கனம். மண் மிகக் குறைவாகச் செலவாக ஆரமும் உயரமும் என்ன? அதே கொள்ளளவில் அதே கனத்தில் தட்டையான மூடியும் வேண்டும் என்றால், உயரத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் எப்படி மாறும்?

3. அல்வாக் கடைக்கு மூடியில்லாத அட்டைப் பெட்டி. 24 செ.மீ. சதுர அட்டையில் நான்கு மூலையிலும் x செ.மீ. சதுரம் வெட்டி, பக்கங்களை மடக்கி நிமிர்த்த வேண்டும். கொள்ளளவு பெருமமாக x என்ன? V′(x) = 0 இரண்டு மதிப்பு தரும். ஒன்றை ஏன் விடுகிறீர்கள் என்று காரணம் எழுதாவிட்டால் பாதி மார்க்.

4. ஆச்சி வீட்டுக் கிணறு, நேராகப் போகும் ரோட்டிலிருந்து 80 மீட்டர் உள்ளே, பாறை நிலத்தில் இருக்கிறது. கிணற்றுக்கு நேர் எதிரே ரோட்டில் உள்ள இடம் P. அங்கிருந்து ரோட்டோரமாக 200 மீட்டர் தள்ளித் தண்ணீர்த் தொட்டி. பாறையில் குழாய் பதிக்க மீட்டருக்கு 500 ரூபாய், ரோட்டோரம் 300 ரூபாய். குழாய் P-யிலிருந்து x மீட்டர் தள்ளி ரோட்டைத் தொடுகிறது.
(அ) C(x) = 500√(6400 + x²) + 300(200 − x) என்று காட்டுக. சார்பகம் எழுதுக.
(ஆ) செலவு சிறுமமாக x என்ன? x = 0, x = 200 ஆகிய ஓரங்களோடு ஒப்பிடுக.
(இ) தொட்டி P-யிலிருந்து 50 மீட்டரிலேயே இருந்தால்? செய்யும் முன் முதல் பக்கத்து (ஈ)யை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

5. ஏக்கருக்கு 1000 வாழை வைத்தால் சராசரியாகத் தாருக்கு 12 கிலோ. ஒவ்வொரு 50 வாழை கூடும்போதும் சராசரி எடை அரை கிலோ குறைகிறது. மொத்த விளைச்சல் பெருமமாக எத்தனை வாழை? பிறகு 1000 வாழைக்கான விளைச்சலோடு ஒப்பிட்டு, கூடுதலாக வரும் எடைக்காக அத்தனை கன்றையும் வாங்குவீர்களா என்று எழுதவும். இந்தக் கடைசிக் கேள்விக்குச் சரி தவறு கிடையாது, காரணம் வேண்டும். வீட்டில் வாழை போட்டிருப்பவர்கள் அப்பாவிடம் கேட்டு எழுதலாம்.

6. வயல் வாய்க்காலுக்கு 1 மீட்டர் அகலமுள்ள மூன்று சிமெண்ட் பலகைகள். ஒன்று அடியில், இரண்டு பக்கவாட்டில், வெளிப்பக்கம் சாய்ந்து. பக்கப் பலகை கிடைமட்டத்தோடு செய்யும் கோணம் θ. குறுக்குவெட்டுப் பரப்பு A(θ) = (1 + cos θ) sin θ என்று நிறுவி, 0 < θ ≤ π/2 என்ற இடைவெளியில் பெருமம் காண்க. செங்குத்தாக நிறுத்துவதைவிட எத்தனை சதவீதம் அதிகத் தண்ணீர் கொள்ளும்?

7. விருப்பம் உள்ளவர்களுக்கு. செவ்வகம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, 240 மீட்டர் வலையை வட்டமாகச் சுற்றினால் பரப்பு என்ன? கால்வாய் ஓரத்தில் அரைவட்டமாக அடைத்தால்? (அ), (ஆ) விடைகளோடு ஒப்பிடுக.

விடைகள்

1) ரோட்டுப் பக்கம் 30 மீ., ஆழம் 40 மீ., செலவு 48,000 ரூபாய். இரு திசைக்கும் 24,000 வீதம்.
2) ஆரம் 20 செ.மீ., உயரம் 20 செ.மீ. மூடி இருந்தால் உயரம் ஆரத்தைப் போல் இரு மடங்கு.
3) x = 4, கொள்ளளவு 1024 கன செ.மீ. x = 12 என்றால் அட்டையே மிஞ்சாது.
4) (அ) 0 ≤ x ≤ 200. (ஆ) x = 60, செலவு 92,000 ரூபாய்; x = 0 என்றால் 1,00,000, x = 200 என்றால் சுமார் 1,07,700. (இ) x = 50, தொட்டிக்கு நேராகவே குழாய், சுமார் 47,170 ரூபாய்.
5) 1100 வாழை, தாருக்கு 11 கிலோ, மொத்தம் 12,100 கிலோ. 1000 வாழைக்கு 12,000.
6) θ = π/3, பரப்பு 3√3/4, சுமார் 1.3 சதுர மீட்டர். ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம்.
7) வட்டம் சுமார் 4584 சதுர மீட்டர், அரைவட்டம் சுமார் 9167.