பாடக்குறிப்பு: ஒரே குவியல் புளியங்கொட்டை, மூன்று வகுப்பு

பள்ளி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி (ஈராசிரியர்), பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர், தருமபுரி மாவட்டம்
வகுப்புகள்: 1 (7 பேர்), 2 (5 பேர்), 3 (7 பேர்), ஒரே அறையில்
பாடம்: கணக்கு – பத்துப் பத்தாகச் சேர்த்தலும் பிரித்தலும்
நாள், நேரம்: மார்ச் முதல் வாரம், செவ்வாய், காலை 9.30 – 11.00

எதற்காக இந்தப் பாடம்

ஒன்றாம் வகுப்பு 11 முதல் 20 வரை உள்ள எண்களைப் "பத்தும் மீதியும்" என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழிக்கும்போது பத்து உடைவதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மூவிலக்க எண்களைக் கூட்டவும், சமமாகப் பங்கிடவும் வேண்டும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: பத்து சேர்ந்தால் ஒன்றாகும், அந்த ஒன்றைத் திரும்பப் பத்தாக உடைக்கலாம். அதனால்தான் மூன்று வகுப்பையும் ஒரே குவியலைச் சுற்றி உட்கார வைக்கிறேன். சின்னவன் எண்ணித் தராமல் பெரியவளால் கூட்டல் போட முடியாதபடி வேலையைப் பிரித்திருக்கிறேன்.

தேவையானவை

புளி உடைக்கும் காலம் என்பதால் கொட்டைக்குப் பஞ்சமில்லை. கழுவிக் காய வைத்த கொட்டைகள், நான்கு டப்பாக்களில் முன்கூட்டியே எண்ணிப் போட்டவை: 134, 128, 142, 117. (இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.) பங்கிடும் வேலைக்குத் தனியாக 96. கழுவிய கொட்டாங்குச்சி 60. மஞ்சள் பை 5. ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டை 8. சிலேட்டுகள், சுண்ணக்கட்டி.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் போடுவார்கள். குழுவில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைக் கவனிக்கும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பாடம் முடிந்ததும் கொட்டைகள் எண்ணித்தான் டப்பாவுக்குத் திரும்பும்.

9.30 – ஒற்றையா இரட்டையா

எல்லோரும் வட்டமாக. ஒரு கைப்பிடி கொட்டையை மூடிக்கொண்டு கேட்பேன்: "ஒத்தையா, ரெட்டையா? சொல்லுங்க சாமி." கையைத் திறந்ததும் ஒன்றாம் வகுப்பு இரண்டிரண்டாக அடுக்கிப் பார்த்துச் சொல்லும். இரண்டாம் வகுப்பு எண்ணி எழுதும். மூன்றாவது சுற்றில் மூன்றாம் வகுப்பிடம்: "அடுக்காமல், எழுதின எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?" கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வராவிட்டால் நான் சொல்லப் போவதில்லை, அடுத்த நாளும் இதே விளையாட்டு உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

9.40 – சேர்ந்து எண்ணுதல்

நான்கு கலப்புக் குழுக்கள்: மூன்றில் ஐந்தைந்து பேர், ஒன்றில் நான்கு பேர். ஒவ்வொன்றிலும் மூன்று வகுப்பும் இருக்கும். குழுவுக்கு ஒரு டப்பா.

முதலில் "எவ்வளவு இருக்கும்?" என்று ஊகித்துச் சிலேட்டில் எழுதுவார்கள். பிறகு ஒன்றாம் வகுப்பு பத்துப் பத்தாக எண்ணிக் கொட்டாங்குச்சியில் போடும். இரண்டாம் வகுப்பு ஒவ்வொரு கொட்டாங்குச்சியையும் சரிபார்க்கும். ஒன்பதோ பதினொன்றோ இருந்தால் "திரும்ப எண்ணு" என்று தள்ளிவிட வேண்டும், தானே எடுத்துச் சரிசெய்யக் கூடாது. பத்துக் கொட்டாங்குச்சி சேர்ந்ததும் மூன்றாம் வகுப்பு அவற்றை ஒரு மஞ்சள் பையில் கொட்டும். முதல் குழுவின் முன்னால் கடைசியில் ஒரு பை, மூன்று கொட்டாங்குச்சி, நான்கு உதிரி இருக்கும். அதைப் பார்த்தே 134 என்று எழுதுவார்கள்.

இந்தப் பாடத்தின் உயிர் அடுத்த கட்டத்தில்தான். நான்கு குழுவின் பொருளும் நடுவுக்கு வரும். உதிரிகள் 4, 8, 2, 7 சேர்ந்து 21. ஒன்றாம் வகுப்பு அவற்றைப் பத்துப் பத்தாகக் கட்டினால் இரண்டு கொட்டாங்குச்சி நிறையும், ஒரு கொட்டை மிஞ்சும். கொட்டாங்குச்சிகள் 3, 2, 4, 1 சேர்ந்து பத்து, புதிதாக வந்த இரண்டோடு பன்னிரண்டு. பத்து பைக்குள் போகும், இரண்டு வெளியே நிற்கும். பைகள் நான்கும் ஒன்றும் ஐந்து. மூன்றாம் வகுப்பு இதையே கரும்பலகையில் நிறுத்திக் கூட்டி 521 என்று காட்டும். "மேலே போட்ட இந்த 2 எங்கே இருக்கு? தொட்டுக் காட்டு" என்று கேட்பேன். கொட்டாங்குச்சியைத் தொட்டுவிட்டால் "மீதி ஏற்றுதல்" புரிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். தொடத் தெரியாமல் விடை மட்டும் சரியாக எழுதுபவர் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

10.15 – வகுப்புவாரியாக

வாசித்துச் செய்யத் தெரியாதவர்களிடம் முதலில் உட்கார வேண்டும். ஆகவே முதல் 15 நிமிடம் ஒன்றாம் வகுப்புடன்.

*ஒன்றாம் வகுப்பு.* நம் எண்ணுப் பெயர்களே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகின்றன. பதினேழு என்றால் பத்தும் ஏழும், இருபது என்றால் இரு பத்து. ஒரு நிறைந்த கொட்டாங்குச்சியும் ஏழு உதிரியும் வைத்துச் சத்தமாகச் சொல்ல வைக்க வேண்டும். 107 என்று எழுதும் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: முதலில் பத்து, பிறகு ஏழு. அடித்துத் திருத்தாமல் "கொட்டாங்குச்சி எத்தனை? உதிரி எத்தனை?" என்று மட்டும் கேட்க வேண்டும். நான் எழுந்து போனதும், தரையில் பெரிதாக எழுதிய எண்களின் மேல் கொட்டைகளை வரிசையாக அடுக்குவார்கள்.

*இரண்டாம் வகுப்பு.* நான் வரும்வரை தாயம் போல ஓர் ஆட்டம். இருவர் ஓரணி, மூவர் ஓரணி. தேய்த்த நான்கு கொட்டையை உருட்டினால் எத்தனை வெள்ளையோ அத்தனை கொட்டை எடுக்கலாம், எல்லாம் கறுப்பானால் எட்டு. பத்து சேர்ந்தால் ஒரு கொட்டாங்குச்சி. பிறகு நான் 10 நிமிடம் உட்கார்ந்து 52 – 27. பலர் 35 என்று எழுதுவார்கள், 2-இலிருந்து 7 போகாததால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். ஐந்து கொட்டாங்குச்சியும் இரண்டு உதிரியும் வைத்து, "எனக்கு ஏழு உதிரி கொடு" என்று கை நீட்ட வேண்டும். ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்க்காமல் கொடுக்க வழியில்லை. கவிழ்த்த கை பிறகு மறக்காது.

*மூன்றாம் வகுப்பு.* கரும்பலகையில் எழுதிய வேலை: 96 கொட்டையை 4, 6, 8 கொட்டாங்குச்சிகளில் சமமாகப் போட்டுப் பெருக்கலாக எழுது. கடைசியில் "உங்கள் ஏழு பேருக்கும் பங்கிடு." ஆளுக்கு 13, மிச்சம் 5. அந்த ஐந்தை வைத்துக்கொண்டு வாக்குவாதம் நடக்கும்போதுதான் நான் அங்கே போவேன். 'எண்ணும் எழுத்தும்' நிலையில் இன்னும் மொட்டில் இருக்கும் இருவர், இந்த நேரத்தில் இரண்டாம் வகுப்பு ஆட்டத்தில் சேரலாம். "துணைக்குப் போ" என்று சொல்லி அனுப்ப வேண்டும், "உனக்கு வராது" என்ற பேச்சே வேண்டாம்.

10.50 – பார்த்துக்கொள்ளுதல்

ஒன்றாம் வகுப்பு 16-ஐக் கொட்டையில் வைத்துக் காட்டும். இரண்டாம் வகுப்பு சிலேட்டில் 43 – 18. மூன்றாம் வகுப்பு: 84 கொட்டை, 6 பேர், ஆளுக்கு எத்தனை? எல்லோருடையதையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தவறியவர்களை நாளைக் காலை ஒற்றையா இரட்டையா ஆட்டத்தில் என் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

வீட்டுக்கு

பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு வர வேண்டும்: பல்லாங்குழியில் எத்தனை குழி, உங்கள் வீட்டில் குழிக்கு எத்தனை காய் போடுவார்கள்? சின்னவர்கள் சொன்னால் போதும், இரண்டாம் வகுப்பு எழுதி வரட்டும், மூன்றாம் வகுப்பு மொத்தக் காயைக் கணக்கிட்டு வரட்டும். வீட்டுக்கு வீடு எண்ணிக்கை மாறி வரும், புதன்கிழமைப் பெருக்கல் பாடத்துக்கு அதுதான் வேண்டும். பல்லாங்குழிப் பலகை இருப்பவர்கள் எடுத்து வரலாம்; இல்லாவிட்டால் வேப்பமரத்தடி மண்ணில் பதினான்கு குழி தோண்டிக்கொள்ளலாம்.