பெரிய எழுத்து லேபிளும் சுலபமாகத் திறக்கும் டப்பாவும் கேட்டு மருந்துக்கடைக்கு ஒரு கடிதம்

கொசப்பேட்டை, வேலூர்
10.6.2025

அன்புள்ள பார்மசிஸ்ட் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் வாங்கிப்போகும் ஏகாம்பரம் எழுதுகிறேன். கடையில் கூட்டம் நெருக்கும்போது நின்று பேச முடிவதில்லை. பின்னால் இருப்பவர்கள் சீட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் சொல்லவேண்டியதை எல்லாம் பேத்தியிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

சர்க்கரையால் என் இரண்டு கண்ணிலும் விழித்திரை கெட்டுவிட்டது. லேசர் வைத்திருக்கிறார்கள். அதோடு கண்ணுக்குள் அழுத்தமும் அதிகம். ஆள் வருவது தெரியும், படி தெரியும், பஸ் வருவது தெரியும். ஆனால் நேராக எதைப் பார்க்கிறேனோ அதன் நடுப்பகுதி மங்கிவிடும். மருந்து அட்டையில் இருக்கும் எழுத்து பூதக்கண்ணாடி வைத்தாலும் பிடிபடுவதில்லை. அந்த அலுமினியத் தாள் வேறு பளபளவென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது.

நான் கண் நன்றாக இருந்த காலம் முழுக்க அச்சகத்தில் கம்போசிட்டராக வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் ஈய எழுத்தைக் கையால் கோர்த்து அடித்திருக்கிறேன். ஆகவே எழுத்தின் அளவைப் பற்றி மட்டும் எனக்கு நிச்சயமாகப் பேச முடியும். 72 பாயிண்ட் சேர்ந்தால் ஒரு அங்குலம். புத்தகத்துக்கு 10, 12 பாயிண்டில் கோர்ப்போம். மாத்திரை அட்டையின் பின்புறம் இருப்பது 6 பாயிண்ட்கூட இருக்காது. இப்போது எனக்குத் தெரிவது 24 பாயிண்ட், அதுவும் தடித்த எழுத்து. நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்தால் 18 பாயிண்ட் வரை படிக்கலாம். அதற்குக் கீழே போனால் எறும்பு வரிசைதான்.

இங்கிலீஷ் எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் அம்மா. கொம்பு, சுழி, புள்ளி என்று மேலும் கீழும் இருக்கிறது. சின்னதாக எழுதினால் முதலில் காணாமல் போவது அவைதான். உங்கள் கடையில் கவர் மேல் பால்பாயிண்ட் பேனாவில் ‘காலை’, ‘மாலை’ என்று எழுதித் தருகிறீர்கள். இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். மங்கலாகப் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றே. ‘முன்’, ‘பின்’ என்பதும் அப்படித்தான். எனவே மாலை என்பதற்குப் பதில் ‘இரவு’ என்று போடுங்கள், இதற்கும் காலைக்கும் எழுத்தின் வடிவமே வேறு. சாப்பாட்டுக்கு ‘சாப்பிடும் முன்’, ‘சாப்பிட்ட பிறகு’ என்று முழுதாக எழுதினால் வரியின் நீளத்திலேயே எது என்று கண்டுபிடித்துவிடுவேன். 1-0-1 என்று எழுதுவது உங்களுக்குப் பழக்கம், எனக்கு அந்தக் கோடும் சைபரும் தெரிவதில்லை. தசமப் புள்ளியும் அப்படி. பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 2.5 என்று இருப்பதில் அந்தப் புள்ளி தெரியாவிட்டால் 25 ஆகிவிடும். அந்த மாத்திரை இப்போது எனக்கு 5 என்று மாறியிருக்கிறது, ஆனால் நாளைக்கு டாக்டர் மறுபடி குறைத்தால் அதை ‘இரண்டரை’ என்று எழுத்தால் போட்டுவிடுங்கள். அரை மாத்திரை என்றால் ‘அரை’ என்றே எழுதுங்கள்.

லேபிள் இப்படி இருந்தால் எனக்குப் போதும்:

மெட்ஃபார்மின் 500
சர்க்கரைக்கு
காலை 1, இரவு 1
சாப்பிட்ட பிறகு
காலாவதி: 8 / 2027

ஐந்து வரி. கம்பெனிப் பெயர், விலை எதுவும் வேண்டாம், அது பில்லில் இருக்கிறது. எதற்கான மருந்து என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து. சிவப்பும் நீலமும் என் கண்ணுக்கு இருட்டுக்குள் இருட்டு. தாள் பளபளப்பாக இல்லாமல் இருக்கட்டும். பில் அடிக்கும் அந்தச் சின்ன மெஷினில் அடிக்காதீர்கள். அது சூட்டில் மங்கிப்போகும் தாள். நம் வேலூர் வெயிலுக்கு, அதுவும் அக்னி நட்சத்திரத்தில், வீட்டு அலமாரிக்குள்ளேயே எழுத்து வெளிறிவிடும். கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டும் தாளில் எடுக்க வசதி இல்லை என்றால், தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவால் கையால் எழுதினாலும் சரி. கூட்டெழுத்தாக இல்லாமல் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதினால் அதுவே எனக்கு அச்சுக்குச் சமம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என்னிடம் இருக்கும் கிளிமிப்பிரைட் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இந்த முறை ஒரே அளவு அட்டையில், ஒரே பச்சை நிறத்தில் வந்திருக்கின்றன. தடவிப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை. பிரஷர் மாத்திரை என்று நினைத்து கிளிமிப்பிரைட்டை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கிப்போகும். வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வரும் என்று டாக்டர் என்னை எச்சரித்திருக்கிறார். என் மனைவி கூடவே இருந்து எடுத்துக் கொடுக்கிறாள். ஆனால் அவள் மகன் வீட்டுக்கு வாலாஜாபேட்டைக்குப் போகும் நாட்களில் வீட்டில் நான் தனி. அந்த நாட்களிலும் என் மருந்தை நானே பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. நீங்கள் வேறு கம்பெனி மருந்து மாற்றிக் கொடுத்தால் அதை வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய அட்டையின் நிறத்தை வைத்துத்தான் நான் பாதி அடையாளம் பிடிக்கிறேன்.

அட்டையை வெட்டிக் கொடுப்பது பற்றி. பதினைந்து மாத்திரை அட்டையில் பத்து வேண்டும் என்றால் கடைப் பையன் கத்திரியால் வெட்டித் தருகிறான், அது நியாயம்தான். ஆனால் காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. வெட்டும்போது அது கடையிலேயே தங்கிவிடுகிறது. முடிந்தவரை எனக்கு முழு அட்டையாகக் கொடுங்கள், பணம் பிரச்சினை இல்லை. வெட்டத்தான் வேண்டும் என்றால் தேதி லேபிளில் வந்துவிடட்டும். மாத்திரையைப் பிரித்து வெறும் காகிதக் கவரில் போட்டுத் தருவது மட்டும் வேண்டாம். காற்றில் ஈரம் பட்டால் சில மாத்திரைகள் கெட்டுவிடும், எது எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது திறக்கும் சிரமத்தைச் சொல்கிறேன். சர்க்கரையால் விரல் நுனி மரத்துவிட்டது, மூட்டிலும் வலி. பிளாஸ்டிக் குமிழ் உள்ள அட்டை பரவாயில்லை, அழுத்தினால் மாத்திரை வந்துவிடும். இரண்டு பக்கமும் அலுமினியமாக இருக்கும் அட்டைதான் என்னைப் படுத்துகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் தாள் மடங்குகிறதே தவிரக் கிழிவதில்லை. திடீரென்று கிழிந்தால் மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். பிறகு அதை நான் எங்கே தேடுவது? ஒரே மருந்து இரண்டு விதமான அட்டையிலும் உங்களிடம் இருந்தால், குமிழ் அட்டையை எனக்கு எடுத்து வையுங்கள். இல்லை என்றால் ஒவ்வொரு மாத்திரைக்கும் பக்கத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, மாத்திரை இருக்கும் அறையைத் தொடாமல். அங்கே பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும்.

அழுத்திக்கொண்டே திருகவேண்டிய மூடி குழந்தைகள் திறக்கக் கூடாது என்பதற்காக வைத்தது, எனக்குப் புரிகிறது. அதுவே எனக்கும் திறக்க மாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இல்லை. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது மருந்தை எல்லாம் மேல் அலமாரியில் பூட்டிவைக்கிறோம். அதனால் சாதாரணத் திருகு மூடி போட்ட டப்பா இருந்தால் அதில் கொடுங்கள். எந்த மருந்தை அதன் சொந்தப் பாட்டிலிலிருந்து மாற்றக் கூடாதோ அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கண் சொட்டு மருந்து இரண்டு. டைமோலால் காலையும் இரவும், லட்டானோபிராஸ்ட் இரவு மட்டும். லட்டானோபிராஸ்ட் பாட்டிலில் இருப்பதே 2.5 மில்லி, அதன் மேல் 24 பாயிண்ட் எழுத்து எங்கே ஒட்டுவது? ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு டப்பா மேல் லேபிள் ஒட்டுங்கள். டைமோலால் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டு சுற்றிவிட்டால் கை தடவியே எது என்று சொல்லிவிடுவேன். மற்றதற்கு ரப்பர் பேண்டு வேண்டாம். லட்டானோபிராஸ்ட்டைத் திறக்கும்வரை பிரிட்ஜில் வைக்கவேண்டும், திறந்தால் நான்கு வாரத்தில் தூக்கிப் போட்டுவிடவேண்டும் என்று சொன்னீர்கள். அதன் சீல் வளையத்தை உடைக்க என்னால் முடியவில்லை. அன்று இரவே தொடங்கப்போகும் பாட்டிலை மட்டும் கடையிலேயே உடைத்துக் கொடுத்து, ‘இந்தத் தேதிக்கு மேல் போடாதே’ என்று தேதி எழுதிவிடுங்கள். அடுத்த மாதத்துக்கான பாட்டில் சீலோடே இருக்கட்டும்.

கடையில் வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் ஊருக்கு இது புதிது இல்லை. காந்தி ரோடு பக்கம் போனால் வைத்தியத்துக்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் படிக்கட்டும் என்று வங்காள மொழியில் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவருக்காக அதைச் செய்கிற ஊரில், தமிழ் படிக்கத் தெரிந்தும் கண் ஒத்துழைக்காதவருக்கு லேபிளைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே பெரியவர்கள் பலர் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் ‘இது எதற்குடா’ என்று கேட்கிறார்கள். அவர்களும் உங்கள் கடைக்கு வருகிறவர்கள்தான். ஒரு முறை லேபிளைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துவிட்டால் அவர்களுக்கும் ஆகும். வரி எப்படிப் பிரிப்பது, எழுத்து எந்த அளவு என்று பார்த்துச் சொல்ல நானே வந்து உட்காருகிறேன். அந்த வேலை எனக்குக் கைவந்தது.

ஒட்டும் தாளுக்கும் டப்பாவுக்கும் ஆகும் செலவைப் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் பார்க்கவேண்டும் என்றால் கொண்டுவருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் பேத்தி அடுத்த மாதச் சீட்டோடு வருவாள். இதில் எது முடியும், எது முடியாது என்று அவளிடம் சொல்லி அனுப்புங்கள். எல்லாம் ஒரேயடியாக முடியாது என்றால், முதலில் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் லேபிள் போட்டுக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கோ. ஏகாம்பரம்