காக்கி புக்கிட் பட்டறை: மூலதனச் செலவும் தேய்மானமும், 5 ஆண்டு அட்டவணை

சித்தப்பா, மச்சான், திட்டத்தில் விட்டுப்போயிருந்த பகுதி இது. வங்கிக்கும் இதையேதான் கொடுக்கப்போகிறோம், அதனால் எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில், பொருள் சேவை வரி சேர்க்காமல். நம் கணக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, இயந்திரம் முதல் ஆண்டின் முதல் நாளிலிருந்தே ஓடுவதாக வைத்திருக்கிறேன்.

வாங்கப்போவது

5-ஆக்சிஸ் சிஎன்சி இயந்திரத்தின் விலை 420,000. கப்பலிலிருந்து இறக்கி, பட்டறைக்குள் கொண்டுவந்து, தரையைப் பலப்படுத்தி, நிலைநிறுத்தி முடிக்க இன்னும் 24,000. இந்தச் செலவும் இயந்திரத்தின் விலையோடுதான் சேரும், பழுதுபார்ப்புக் கணக்கில் போடக் கூடாது. அளவு சரிபார்க்கும் சிஎம்எம் 96,000, ஏர் கம்ப்ரஸர் 18,000, மென்பொருளும் கணினிகளும் 21,000, மின்சார வேலையும் தடுப்புகளும் 45,000. ஆக முதல் ஆண்டு 624,000. 3ஆம் ஆண்டு தொடக்கத்தில் பழைய சிஎன்சி லேத் ஒன்று 140,000, 4ஆம் ஆண்டு புதுக் கணினிகள் 9,000, 5ஆம் ஆண்டு தொடக்கத்தில் புது ஸ்பிண்டில் 66,000.

| தேய்மானம் | ஆண்டு 1 | ஆண்டு 2 | ஆண்டு 3 | ஆண்டு 4 | ஆண்டு 5 |
|---|---|---|---|---|---|
| இயந்திர உடல் | 30,000 | 30,000 | 30,000 | 30,000 | 30,000 |
| ஸ்பிண்டில் | 10,000 | 15,000 | 17,500 | 17,500 | 19,250 |
| சிஎம்எம் | 12,000 | 12,000 | 12,000 | 12,000 | 12,000 |
| கம்ப்ரஸர் | 3,000 | 3,000 | 3,000 | 3,000 | 3,000 |
| இடத்து வேலை | 12,000 | 12,000 | 12,000 | 12,000 | 12,000 |
| மென்பொருள், கணினி | 7,000 | 7,000 | 7,000 | 3,000 | 3,000 |
| லேத் | – | – | 15,000 | 15,000 | 15,000 |
| மொத்தம் | 74,000 | 79,000 | 96,500 | 92,500 | 94,250 |

5ஆம் ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 417,750.

ஸ்பிண்டில் ஏன் தனி வரி

இயந்திர உடல் 10 வருடம் உழைக்கும், கடைசியில் 84,000க்கு விற்கலாம் என்று எடுத்திருக்கிறேன். ஸ்பிண்டில் அப்படியில்லை. அது வருடத்தைப் பார்த்துத் தேயாது, ஓடும் மணிக்கணக்கில்தான் தேயும். அதனால் 420,000-இல் 60,000-ஐப் பிரித்து, 12,000 மணி நேர ஆயுளுக்கு மணிக்கு 5 வெள்ளி என்று போட்டேன். முதல் ஆண்டு 2,000 மணி, அடுத்து 3,000, பிறகு ஆண்டுக்கு 3,500 என்று ஓட்டினால் 4ஆம் ஆண்டு முடிவில் சரியாகத் தீர்ந்துவிடும். புதியது 66,000 ஆகும் என்பதால் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 5.50 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டே ஆகவேண்டும். ஏட்டில் தேய்மானம் எழுதிவிட்டோம் என்பதற்காகப் பணம் தானாக எங்கும் சேராது, மச்சான்.

இடத்து வேலையில் 45,000-தான் இப்போது கையை விட்டுப் போகிறது. குத்தகை முடியும்போது இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க 15,000 ஆகும், அதையும் சேர்த்து 60,000-ஐ 5 வருடக் குத்தகைக்குப் பிரித்திருக்கிறேன்.

பணம் போகும் விதம்

இயந்திரத்தை வாடகைக் கொள்முதலில் எடுக்கிறோம்: 20 விழுக்காடு, அதாவது 84,000 முன்பணம், மீதி 336,000 ஐந்து வருடத்தில். அசல் மட்டும் ஆண்டுக்கு 67,200. முதல் ஆண்டில் உடலும் ஸ்பிண்டிலும் சேர்ந்து 40,000-தான் தேய்மானம், ஆனால் முன்பணத்தோடு 151,200 கையிலிருந்து போகிறது! லாபக் கணக்கை மட்டும் பார்த்து யாரும் பங்கு கேட்டுவிட வேண்டாம்.

வரிக்கு இந்த அட்டவணை உதவாது. உள்நாட்டு வருவாய் ஆணையம் தேய்மானத்தை ஒப்புக்கொள்ளாது, அதற்குப் பதில் மூலதனப் படி உண்டு, 3 ஆண்டுகளில் சமமாகக் கழிக்கலாம். விலை 420,000 என்பதால் ஆண்டுக்கு 140,000 கழியும் என்று பேசிக்கொண்டிருந்தோம் இல்லையா, அது தவறு. வாடகைக் கொள்முதலில் கட்டிய முன்பணத்துக்கும் அசலுக்கும்தான் படி, ஆக இயந்திர விலைக்கு முதல் ஆண்டில் 50,400.

பொருள் சேவை வரி 9 விழுக்காடு, இயந்திரத்துக்கு மட்டும் 37,800. வாங்கும் முன்பே தானாக முன்வந்து பதிந்துகொண்டால் திரும்பக் கேட்கலாம், ஆனால் குறைந்தது 2 ஆண்டுகள் பதிவில் இருக்கவேண்டும், பணம் திரும்பும்வரை நாம்தான் தாங்கவேண்டும். அரசு மானியம் எதையும் இதில் எண்ணவில்லை.

மணிக்கு எவ்வளவு

மொத்தத் தேய்மானத்தை ஓடும் மணியால் வகுத்தால் முதல் ஆண்டு மணிக்கு 37 வெள்ளி, 2ஆம் ஆண்டு 26.33. சம்பளம், மின்சாரம், கட்டர் எதுவும் இதில் இல்லை. விலை சொல்லும்போது இதற்குக் கீழே இறங்கி வேலை பிடித்தால் இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

லேத்துக்கு ஒரு நிபந்தனை வைக்கிறேன். 2ஆம் ஆண்டின் கடைசி ஆறு மாதங்களில் ஒவ்வொரு மாதமும் 250 மணிக்குக் குறையாமல் ஓடியிருந்தால்தான் முன்பணம். இல்லையென்றால் அதைத் தள்ளிவைப்போம், 3ஆம் ஆண்டு தேய்மானம் 81,500 ஆகிவிடும். மணிக்கணக்கை நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இயந்திரத்தின் கவுண்ட்டரிலிருந்து எழுதி வைக்கிறேன், மச்சான் மாதக் கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும்.