அந்த 20 ரிவ்யூவை எழுத முடியாதுங்கண்ணா, அதுக்குப் பதிலா இதெல்லாம் செய்யலாம்

வணக்கம்ங்கண்ணா,

நேத்து ராத்திரி நீங்க அனுப்பின சாம்பிள் ரிவ்யூ வரிகளைப் படிச்சேன். 20 ரிவ்யூ, 20 பேர்ல, எல்லாமே அஞ்சு ஸ்டார், தீபாவளிக்குள்ள வேணும்னு கேட்டிருக்கீங்க. இதை நான் எழுத முடியாதுங்க. உங்க காபித்தூளை நான் ஒரு வாய்கூடக் குடிச்சதில்லை. குடிக்காததைக் குடிச்சேன்னு எழுதித் தர்ற வேலையை யாருக்கும் எடுக்கிறதில்லை, உங்களுக்கும் அதேதான். முன்பணமா போட்ட 1,000 ரூபாயை நீங்க அனுப்பின அதே நம்பருக்கே திருப்பிட்டேன், வந்திருக்கான்னு பாத்துக்கோங்க. கோவிச்சுக்காம மீதியையும் படிங்க. தீபாவளிக்குள்ள செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு.

முதல்ல அந்த சாம்பிள் வரிகளைப் பத்தி. நாலாவது வரி, "ஆறு மாசமா எங்க வீட்ல இதுதான்". பாக்கெட் கடைக்கு வந்ததே செப்டம்பர் முதல் வாரம்னு நீங்களே சொன்னீங்க. ஆறு வாரம்கூட ஆகலை. ஒன்பதாவது வரி, "சிக்கரி துளியும் இல்லாத சுத்தமான காபி". உங்க பாக்கெட் பின்னாடி காபி 80 சதவீதம், சிக்கரி 20 சதவீதம்னு அச்சாகியிருக்கு. சிக்கரி கலந்தா அளவைப் போட்டே ஆகணும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாதுங்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. நீங்க அதை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. இப்ப அந்த ஒழுங்கான லேபிளையே யாராவது போட்டோ எடுத்து ஒன்பதாவது ரிவ்யூவுக்குக் கீழ போட்டா, பொய் சொன்னது ரிவ்யூ எழுதின ஆள்னு யாரும் நினைக்க மாட்டாங்க, கடைக்காரர்னுதான் நினைப்பாங்க. சிக்கரி சேர்த்ததுல ஒளிக்க என்ன இருக்குன்னு எனக்குப் புரியலை. சேலத்துல பாதிப் பேருக்கு அந்தக் கெட்டி டிகாஷன்தான் வேணும்.

20 வரியும் ஒரே கைங்கிறதும் தெரியுது. பதினாலு இடத்துல "சும்மா கமகமன்னு" வருது. புதுசா தொறந்த கணக்கு, படம் இல்லை, வேற எந்தக் கடைக்கும் ரிவ்யூ போட்டதில்லை, எல்லாம் ஒரே வாரத்துல. இந்த மாதிரி வந்தா கூகுள் தூக்கிடும். பொய் ரிவ்யூன்னு உறுதியானா கொஞ்ச காலத்துக்குப் புது ரிவ்யூவே வர முடியாதபடி நிறுத்தவும், இருக்கிற ரிவ்யூவை மறைக்கவும், கடை பக்கத்துலயே எச்சரிக்கை போடவும் அவங்க விதியில இடம் இருக்கு. அப்ப உங்களுக்கு நிஜமா வந்த நாலு நல்ல ரிவ்யூவும் சேர்ந்து போகும்.

சட்டத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். ஆன்லைன் சந்தையில விக்கிறவர் தன்னை வாடிக்கையாளர் மாதிரி காட்டி ரிவ்யூ போடக் கூடாதுன்னு 2020 மின்வணிக விதி சொல்லுது. ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவர் அதைப் பத்தி உண்மையான கருத்தும் போதுமான அனுபவமோ தகவலோ வச்சிருக்கணும், காசு வாங்கியிருந்தா அதைச் சொல்லணும்னு 2022 ஜூன்ல வந்த வழிகாட்டுதல் சொல்லுது. தப்பான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முதல் தடவை 10 லட்சம் வரைக்கும், மறுபடி செஞ்சா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். அஸ்தம்பட்டிக் கடைக்கு நாளைக்கே ஆள் வருவாங்கன்னு சொல்லலைங்க. ஆனா 20 ரிவ்யூவுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை.

ஏன்னா உங்க பிரச்சினை ரிவ்யூ கம்மியா இருக்கிறதில்லை. உங்க பக்கத்தைத் தொறந்து பாத்தேன். மொத்தம் ஆறு ரிவ்யூ. மூணு அஞ்சு ஸ்டார், ஒண்ணு நாலு, ரெண்டு ஒரு ஸ்டார். கூட்டினா 21, சராசரி 3.5. நிஜமா வாங்கினவங்க பத்துப் பேர் எழுதி, சராசரியா நாலரை வந்தாலே போதும், 4.1க்கு ஏறிடும். ஆனா அந்த ரெண்டு ஒரு ஸ்டார்லயும் எழுதியிருக்கிற குறையைச் சரி பண்ணலைன்னா மூணாவதும் நாலாவதும் வந்துக்கிட்டே இருக்கும்.

ஒருத்தர், "டிகாஷன் இறங்கவே இல்லை, ஒரு மணி நேரம் ஆச்சு". அரைப்பு ரொம்ப நைஸா இருந்தா இப்படி ஆகும். சிக்கரி தண்ணியில ஊறி உப்பும், அதோட நைஸ் தூளும் சேர்ந்து ஃபில்டர் ஓட்டையை அடைக்கும். அது போதாதுன்னு மேல இருக்கிற தட்டை வச்சு அழுத்தினா முடிஞ்சது கதை. கடையில இப்பவே பாத்துடலாம். 20 கிராம் தூளை ஃபில்டர்ல போட்டு, அழுத்தாம லேசா தட்டி மட்டமாக்குங்க. கொதிச்ச தண்ணி 30 மில்லி ஊத்தி அரை நிமிஷம் விடுங்க, அப்புறம் 90 மில்லி. 15லேர்ந்து 20 நிமிஷத்துல இறங்கணும். தூள் தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியைப் பிடிச்சுக்கும், அதனால 120 ஊத்தினா கீழ வர்றது 80 மில்லி சுமாருக்குத்தான். "ஊத்தினதுல பாதி எங்க போச்சு"ன்னு கேக்கிற வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லுங்க. அரை மணி தாண்டினா மில்லுல சொல்லி அரைப்பைக் கொஞ்சம் கரகரப்பா மாத்துங்க. அவங்க வீட்டு ஃபில்டரே அடைச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. மேல் பாத்திரத்தைக் கேஸ் நெருப்புல காட்டி, அடைச்சிருக்கிறதை எரிச்சுட்டுத் தேய்ச்சுக் கழுவினா சரியாகும்.

இன்னொருத்தர், "வாசனையே இல்லை". அவங்க போட்ட படத்துல பேக்கிங் தேதி தெரியுது. வாங்கினப்பவே 30 நாள் ஆயிருக்கு. சாதா பிளாஸ்டிக் கவர். அரைச்ச தூள்ல வாசனை நிக்காது, காத்துப் பட்டா இன்னும் சீக்கிரம் போயிடும். சுடச்சுட வறுத்து அரைச்ச உடனே கட்டினா உள்ள இருந்து வர்ற வாயுவுல பாக்கெட் உப்பும். ஆறட்டும்னு தொறந்து வச்சா வாசனை போகும். அதுக்குத்தான் வாயு வெளிய மட்டும் போற வால்வு வச்ச கவர் இருக்கு. விலை கூடத்தான். இப்போதைக்கு 250 கிராமைக் குறைச்சு 100 கிராம் பாக்கெட் நிறையப் போடுங்க, வாரம் ஒரு தடவை அரைங்க, தேதியை முன்பக்கம் பெருசா போடுங்க.

இது ரெண்டையும் செஞ்சதுக்கப்புறம் (செய்யறதுக்கு முன்னாடி இல்லை) டிகாஷன் இறங்கலைன்னு வந்த ரிவ்யூவுக்குக் கீழ கடை பேர்லயே இப்படிப் பதில் போடுங்க. இதுக்குக் காசு வேண்டாம், வச்சுக்கோங்க:

"வணக்கம். டிகாஷன் இறங்காமல் சிரமப்பட்டதற்கு வருந்துகிறோம். நீங்கள் வாங்கிய தூள் ஃபில்டருக்குத் தேவையானதைவிட நைஸாக அரைபட்டிருந்தது. இப்போது அரைப்பை மாற்றியிருக்கிறோம். பழைய பாக்கெட்டைக் கடைக்குக் கொண்டுவந்தால், எவ்வளவு மீதம் இருந்தாலும் புதுப் பாக்கெட் தருகிறோம். ரிவ்யூவை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை."

அந்தக் கடைசி வரியை வெட்டிடாதீங்க. அதைப் படிக்கிற மத்தவங்களுக்குத்தான் அது.

அடுத்தது, காசு வாங்கி நான் எழுதக்கூடியது. கடை குரல்லயே பொருள் விளக்கம். நீங்க போன்ல சொன்னதை வச்சு ஒண்ணு எழுதிப் பாத்தேன்:

"ஏற்காடு நாகலூர் பக்கம் எங்கள் தோட்டத்து அராபிகா. பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்து, கழுவி, வெயிலில் உலர்த்திய கொட்டை. நடுத்தர வறுவல். காபி 80, சிக்கரி 20. ஃபில்டருக்கான அரைப்பு. இரண்டு பேருக்கு 20 கிராம் தூள், 120 மில்லி கொதிநீர். பாக்கெட்டைப் பிரித்ததும் இறுக்கமான டப்பாவில் போட்டு இரண்டு வாரத்துக்குள் முடித்தால் வாசனை இருக்கும். பால் சேர்க்காமல் குடிப்பவர்கள் சிக்கரி கலக்காத தூளைக் கேட்டு வாங்கவும்."

இதுல ஒரு வரி தப்புன்னாலும் சொல்லுங்க, மாத்திடறேன். "ஆர்கானிக்"னு சேர்க்கச் சொன்னீங்க. சான்று இருந்தா எண்ணை அனுப்புங்க, போடலாம். இல்லைன்னா அந்த வார்த்தை வேண்டாங்க.

நான்தான் எழுதணும், என் பேர்ல வரணும்னா அதுக்கும் வழி இருக்கு. கடைக்கு வந்து நானே ரெண்டு பாக்கெட் காசு கொடுத்து வாங்கறேன், நீங்க தனியா எடுத்து வச்சது வேண்டாம். 14 நாள் ஒரே அளவுல போட்டுக் குடிச்சு, முதல் நாளும் பதினாலாம் நாளும் டிகாஷன் எப்படி இருக்குன்னு குறிச்சு எழுதறேன். மேலயே "இதை எழுதக் கடையிடம் கட்டணம் பெற்றிருக்கிறேன்"னு ஒரு வரி வரும். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் எழுதுவேன். அதைப் போட வேண்டாம்னா விட்டுடலாம், ஆனா குறையை வெட்டிட்டுப் பாராட்டை மட்டும் போடக் கூடாது. இதுக்கு ஸ்டார் கிடையாது, கூகுள் ரிவ்யூவுலயும் வராது. காசுக்கு எழுதினதை அங்க போடறது அவங்க விதிக்கே விரோதம். உங்க சொந்தப் பக்கத்துல போட்டுக்கலாம்.

ரிவ்யூ வேணும்னா வாங்கினவங்களைக் கேளுங்கண்ணா. கூகுள்ல உங்க கடைக் கணக்குல `Ask for reviews` னு இருக்கும், அழுத்தினா லிங்க்கும் கியூஆரும் வரும். அதை விசிட்டிங் கார்டு அளவுல அடிச்சு பாக்கெட்டுக்குள்ள போடுங்க. எழுத வேண்டியது இவ்வளவுதான்: "நாலு நாள் குடிச்சுப் பாத்துட்டு, நல்லதோ குறையோ, ரெண்டு வரி எழுதுங்க." அஞ்சு ஸ்டார் போட்டா 20 ரூபா தள்ளுபடின்னு மட்டும் போட்டுடாதீங்க, அதுவும் தடைதான். சந்தோஷமா இருக்கிறவங்களுக்கு மட்டும் கார்டு கொடுக்கிறதும் தடை. கல்லாப்பெட்டிக்கிட்ட நிக்க வச்சு எழுதச் சொல்ல வேண்டாம். குடிக்காமலே எழுதினா அது என்கிட்ட கேட்ட கதைதான். ஏற்காட்டுலேர்ந்து இறங்கி வர்ற வண்டி நிறைய உங்க கடை வழியாத்தான் போகுது. சென்னையிலேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் வந்து வாங்கறவங்க ஊருக்குப் போய்த்தான் பாக்கெட்டைப் பிரிப்பாங்க. அவங்ககிட்ட நம்பர் வாங்கும்போதே கேட்டுக்கிட்டு, பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு மெசேஜ். ரெண்டாவது தடவை அனுப்பாதீங்க.

விளக்கத்துக்கும் கார்டு வாசகத்துக்கும் சேர்த்து 1,500 ரூபாய். 14 நாள் குடிச்சு எழுதறதுக்குத் தனியா 2,000, நல்லா வந்தாலும் வராட்டாலும் அதே தொகை. லேபிளோட ரெண்டு பக்கமும் தெளிவா போட்டோ எடுத்து அனுப்புங்க, வறுக்கிற கிழமை எதுன்னும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா திங்கள் சாயந்திரம் விளக்கமும் கார்டும் கையில இருக்கும். குடிச்சு எழுதறது மட்டும் தீபாவளிக்குள்ள ஆகாதுங்க, 14 நாள்னா 14 நாள்தான்.