பழைய எழுத்துருக் கோப்புகள்: சுமதி பற்றிய அறிமுகக் குறிப்பு

அக்கா, வணக்கம்.

பதிப்பகம் நடத்தும் உங்கள் நண்பர்கள் இருவரிடம் என்னைப் பற்றிச் சொல்வதாக நேற்று போனில் சொன்னீர்கள். ரொம்ப நன்றி. உங்களுக்கு எழுதும் வேலை வைக்க வேண்டாமே என்று, நீங்களே சொல்வது போலக் குறிப்பை எழுதிவிட்டேன். கோட்டுக்குக் கீழே உள்ளதை அப்படியே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ போடலாம். உங்கள் பெயரில் போகிறது என்பதால் புகழ்ச்சி எதுவும் சேர்க்கவில்லை. உங்கள் புத்தகங்களில் நடந்தது மட்டும்தான் இருக்கிறது. ஒரு வரி உறுத்தினாலும் மாற்றிவிடுங்கள். அவர்களுக்கு இப்போது தேவை இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம் அக்கா.

அன்புடன்,
சுமதி

---

வணக்கம். சுமதி என்பவரை உங்களுக்கு அறிமுகம் செய்யலாமா? பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்ப் புத்தகங்களை யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் தயார் செய்து தருகிறார். மெய்ப்புத் திருத்துவதில் 11 வருட அனுபவம். கடைசி 4 வருடமாக இந்த வேலை மட்டும்தான்.

என் 3 சிறுகதைத் தொகுப்புகள் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் கோப்புகளாகக் கிடந்தன. மாற்றும் மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி வந்துவிடும், மிச்சம்தான் தலைவலி. ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் அந்த எழுத்துருவில் ஒரே வடிவம். அதனால் 'பௌர்ணமி' என்பது 'பெளர்ணமி' என்று மாறிவிடுகிறது. அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது. சரி, எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றால், 'ள' உண்மையிலேயே வரும் 'வெள்ளம்' போன்ற சொற்கள் கெட்டுப்போகும். சுமதி இவற்றைச் சொல் சொல்லாகப் பார்த்துச் சரிசெய்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது, பாத்திரங்களின் வட்டாரப் பேச்சில் அவர் கை வைக்கவில்லை என்பது. எழுத்துப் பிழையா, பேச்சு வழக்கா என்று சந்தேகம் வந்த இடங்களைப் பக்க எண்ணோடு தனித்தாளில் எழுதி என்னிடம் கேட்டார். அப்புறம்தான் திருத்தினார்.

அட்டை வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு இரண்டும் அவர் செய்வதில்லை.

திறக்க முடியாமல் கிடக்கும் பழைய கோப்பு ஏதாவது உங்களிடம் இருந்தால் ஒரு அத்தியாயம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். கட்டணம் இல்லாமல் மாற்றி, முழுப் புத்தகத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்து ஒரு வாரத்தில் அனுப்புவார். விருப்பமிருந்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள், இருவரையும் ஒரே மெயிலில் சேர்த்துவிடுகிறேன்.