அஜிக்கு, அவிட்டம் பிறந்தநாளுக்கு

எனக்க செல்லத் தம்பிக்கு,

பிறந்தநாள் வாழ்த்து. முப்பத்தைந்து வயதாகிவிட்டது லேய். ஊரே திருவோணத்துப் பிரதமனை மறுநாள் சூடு பண்ணிக் குடித்துக்கொண்டிருந்தபோது நீ பிறந்தாய். அந்த வருடம் ஒரு வாய் பாயசம்கூடக் குடிக்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் உன்மேல் பழி சொல்கிறாள்.

வாழ்த்து அட்டையில் எழுத இடம் நாலு விரற்கடைதான் இருந்தது. அதனால் பரீட்சைக்குக் கூடுதல் தாள் கட்டுவது மாதிரி மூன்று தாளை நூலால் கட்டி வைத்திருக்கிறேன். வாத்தியாரம்மா புத்தி, என்ன செய்ய.

போன வருடம் அனுப்பிய சட்டை உனக்குச் சேரவில்லை. அதற்கு முந்தின வருடத்துக் கைக்கடிகாரத்தை எங்கேயோ தொலைத்துவிட்டாய். அதனால் இந்தத் தடவை பரிசு மூன்று படங்கள். மூன்றுமே நீ பார்த்தவை, அல்லது பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவை. அட்டைக்குள் மூன்று டிக்கெட் வரைந்து வைத்திருக்கிறேன் (மஞ்சள் அட்டை, மாங்காய்ப் பச்சை மை, நம்ம ஊர் பழைய கொட்டகை டிக்கெட் போல). ஒவ்வொன்றிலும் யாருடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை மாற்றக் கூடாது.

முதல் டிக்கெட் அப்பாவுடன். படம் 'நல்லதம்பி', 1949.

முகத்தைச் சுளிக்காதே. உனக்குக் கலைவாணர் என்றால் அப்பா சாப்பாட்டு நேரத்தில் சொல்லும் பழைய ஜோக்குகள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் படம் வந்த காலத்தைப் பார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1947இல்தான் விடுதலை. அதே வழக்கில் உள்ளே போன பாகவதருக்கு அப்புறம் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. நம்ம ஒழுகினசேரிக் கலைவாணர் வெளியே வந்து இரண்டு வருடத்துக்குள் இதை எடுக்கிறார். கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இரண்டு வருடத்துக்கு மேல் ஜெயிலில் கிடந்த மனிதனின் முகத்தில் கசப்பு ஒரு இடத்திலாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தால் சொல்லு.

மதுவிலக்குப் பிரசாரம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள். கிந்தனார் காலட்சேபம் வரும்போது மட்டும் கைபேசியைக் கவிழ்த்து வை. நந்தனார் கதை அன்றைக்கு எல்லாருக்கும் மனப்பாடம். அந்தச் சட்டையை அப்படியே எடுத்து, படிக்க ஆசைப்படுகிற ஏழைப் பையன் ஒருவனுக்கு மாட்டிவிடுகிறார்கள். சிதம்பரத்துக்குப் பதில் பள்ளிக்கூடம். பாட்டு உடுமலை நாராயணகவி. நீ எழுதுகிற படக் கதையில் 'கருத்து' சொல்லத் திணறுகிற இடத்துக்கு இதுதான் மருந்து என்று எனக்குத் தோன்றியது. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டில் புதுச் சொல்லைப் போடு, அவ்வளவுதான்.

அப்பாவுடன் ஏன் என்றால், அவருக்கு இந்தப் படத்தில் எங்கே சிரிப்பு வரும் என்று தெரியும். நமக்குத் தெரியாது. தேன்பெட்டி பார்க்க ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்த களைப்பில் இருப்பார். சாயா குடித்த பிறகு போடு. பாட்டா சொன்ன கதைகளை நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். 'பாஸ்' பண்ணிவிட்டுக் கேளு. உனக்க வேலைக்கு அதெல்லாம் ஆகும்.

இரண்டாவது டிக்கெட் உனக்கு மட்டும். 'செம்மீன்', 1965. அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பார்.

ராமு காரியாட் இயக்கம், தகழி நாவல், குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம், தென்னிந்தியப் படத்துக்கு முதல் தடவை, இதெல்லாம் நீ தூக்கத்திலும் சொல்வாய். மார்க்கஸ் பார்ட்லி படம்பிடித்த கடலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாய். நான் கேட்பது வேறு. போன ஜூனில் ஃபோனில் உன் கதையை வாசித்துக் காட்டினாயே, குளச்சலில் வலை இழுக்கிற பையன் ஒருவன் மதுரைத் தமிழ் பேசுகிறான். ஏன்டே என்று கேட்டால், "நம்ம பேச்சு மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியாதுன்னு தயாரிப்பாளர் சொல்றார் அக்கா" என்றாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவெல்லாம் வெப்ராளமாக இருந்தது.

இப்போது சொல்கிறேன். செம்மீனுக்கு இசை வங்காளத்து சலீல் சௌத்ரி. படத்தொகுப்பு பம்பாயிலிருந்து ஹிருஷிகேஷ் முகர்ஜி. 'மானச மைனே வரூ' பாடியவர் மன்னா டே. அவருடைய மலையாளத்தில் வங்காளம் எட்டிப் பார்க்கிறது, கேட்டாலே தெரியும். இத்தனை அங்கோட்டு இங்கோட்டு ஆட்கள் வந்து வேலை செய்தும் கரை மட்டும் மாறவில்லை. அது புறக்காட்டுப் பக்கத்துக் கரையாகவே இருந்தது. இந்த நாட்டில் மலையாளம் தெரியாதவர்கள் எத்தனை பேர் அந்தப் படத்துக்காக அழுதார்கள்! காதலன் பரீக்குட்டி கரையில் பாடுவது புரியாமல் யாரும் எழுந்து போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லாதே, அவருக்குத் தகழி சாமி மாதிரி. (சுந்தர ராமசாமியின் தமிழ் செம்மீன் இன்னும் அவர் அலமாரியில்தான், அட்டை கிழிந்து.) அந்தக் கதையின் நடுவில் இருக்கிற நம்பிக்கை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. கரையில் பெண்டாட்டி நெறி தவறினால் கடலில் புருஷன் சாவானாம். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு நான் கடற்கரைப் பள்ளியில் பாடம் எடுத்தவள். வருகைப் பதிவு எடுக்கும்போது சில பெயர்களைக் கூப்பிட நாக்கு எழாது. தகப்பன் திரும்பாத பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் மாதக்கணக்கில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். அவர்களில் யாரையும் பார்த்து இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் படத்தைத் தள்ளவும் முடியவில்லை. ஏனென்று மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் பிடிபட்டது. கருத்தம்மாவை விட்டுவிட்டு அவள் அப்பன் செம்பன்குஞ்சை மட்டும் பின்தொடர்ந்து பார். சொந்த வள்ளமும் வலையும் வேண்டும் என்கிற ஒரே ஆசை. மகளை விரும்புகிற பரீக்குட்டியிடமே கடன் வாங்குகிறான், கொடுப்பதே இல்லை. கொட்டாரக்கரா ஸ்ரீதரன் நாயர் அந்த முகத்தை எப்படிப் பிடித்திருக்கிறார் பார். கடலம்மா தண்டிக்கிறாள் என்று ஊர் சொல்லும், ஆனால் கதைக்குள் இருக்கிற கணக்கு கடன் கணக்கு. உன் படத்து மீனவனுக்கும் ஒரு கடன் இருக்க வேண்டும் தம்பி. டீசலுக்கு, வலைக்கு, என்ஜினுக்கு. நீ காதலை மட்டும் எழுதியிருக்கிறாய். காதலுக்குக் கரையே தேவையில்லை, அது தி.நகரிலும் நடக்கும்.

சரி, திட்டி முடித்துவிட்டேன்.

மூன்றாவது டிக்கெட் என்னோடு. திருவோணத்தன்று இரவு, அம்மாவும் இருப்பாள், விளக்கை அணைத்துவிட்டு. 'மணிச்சித்திரத்தாழ்', 1993.

முதல் தடவை டிவியில் பார்த்தபோது நீ மூன்றாம் வகுப்பு. ஷோபனா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கியதும் என் பாவாடைக்குள் தலையை விட்டவன், படம் முடிந்துதான் வெளியே எடுத்தாய். ஒரு வாரம் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லை. இதை நான் உன் சினிமா நண்பர்களிடம் சொல்லாமல் இருப்பதே பெரிய பிறந்தநாள் பரிசு.

இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அம்மாதான். அன்றைக்கு எல்லாரும் பயந்தபோது அவள் மட்டும், "பாவம்டே, தஞ்சாவூர்ல இருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து கொன்னு போட்டானே" என்று நாகவல்லிக்காக அழுதாள். ஒரு முழு மலையாளப் படத்தில் பேய் மட்டும் தமிழ் பேசுகிறது. கொச்சியில் பார்த்தவனுக்கு அது அந்நியக் குரல், அதனால் கூடுதல் பயம். மார்த்தாண்டத்தில் பார்த்த நமக்கு அவள் சொல்வது ஒவ்வொன்றும் புரிந்தது. மனிதர்கள் பேசுவதும் புரிந்தது, பேய் பேசுவதும் புரிந்தது. அந்தப் படத்தை நம்மளவுக்கு முழுசாகக் கேட்டவர்கள் வேறு யார்?

அரண்மனைக் காட்சிகள் சிலவற்றை எடுத்தது நம்ம பத்மநாபபுரத்தில். தக்கலையில் பஸ் இறங்கிப் பள்ளிப் பிள்ளைகளை வருடாவருடம் கூட்டிப் போகிறேன். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வழிகாட்டி ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். பிள்ளைகளுக்கு அது விசேஷமாகவே படாது, வீட்டிலும் அப்படித்தானே. ஃபாசில் அந்தப் பழைய மரத்தூண்களுக்கு நடுவில் அப்படி ஒரு பேயை உலவவிட்டார். உனக்கு அங்கே பிறந்தே கிடைத்த காதை வைத்துக்கொண்டு மதுரை வசனம் எழுதுகிறாய்.

தொழில்நுட்பமாக நீ பார்க்க வேண்டியதைச் சொல்ல நான் யார். ஆனாலும் ஒன்று: முதல் பாதி கிட்டத்தட்ட நகைச்சுவைப் படம். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஷோபனா நடித்த கங்காவைப் பற்றிய தடயங்களைப் போட்டுவிடுகிறார்கள். மது முட்டம் எழுதியதை இந்தத் தடவை பேனாவும் தாளுமாக உட்கார்ந்து எண்ணு. நான் ஏழு பிடித்தேன். அம்மா ஒன்பது என்கிறாள், அவள் கணக்கில் ஸ்ரீதேவியின் முகச்சுளிப்பும் சேர்த்தி.

அனந்தபுரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டாயா? குழித்துறையில் இறங்கினதும் ஃபோன் போடு, அப்பா வண்டி எடுத்து வருவார். இந்த வருடம் அடைப் பிரதமனும் போளியும், உனக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும்போது நீ கொண்டுபோன அந்த நீளமான ஸ்பீக்கர் ஒயரைத் திருப்பிக் கொண்டு வா. அது இல்லாமல் மூன்றாவது காட்சி கிடையாது.

உனக்க,
லதா அக்கா